உங்கள் தலை எங்கே இருந்தது?

கேள்வி: எங்கள் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். இரவில் கடையை அடைத்த பிறகு அக்காவுக்கு முடிவெட்டக் கற்றுக்கொடுத்தார். அதைச் சிறுகதையாக எழுதியிருக்கிறேன். தினமும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தன் தலையையே அவளுக்குக் கொடுப்பார். நான் அப்போது கல்லூரி மாணவன். முடிவெட்டக்கூட பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்த ஏ.சி. கடைக்குத்தான் போவேன். இப்போது கடையை அக்காதான் நடத்துகிறாள். இரண்டு பத்திரிகைகள் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் அப்பா இறந்துவிடுவதாக முடித்தால் மனதைத் தொடுமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அப்பாவைச் சாகடிக்காதீர்கள், தம்பி. கதை எழுதுகிற பலரும் என்னிடம் முடிவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் நடுவில் இருக்கும். உங்கள் கதையில் அது "தினமும்" என்ற சொல்லில் இருக்கிறது.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கற்றுக்கொள்கிற கை முதலில் பழக வேண்டியது பிடரியில் சீப்பு வைத்துக் கத்தரியால் வெட்டுவது. சீப்பை அடியில் படிய வைத்து, மேலே போகப் போகத் தலையிலிருந்து கொஞ்சம் விலக்கி ஏற்ற வேண்டும். கத்தரியின் ஒரு அலகு சீப்போடு ஒட்டி அசையாமல் நிற்க, கட்டைவிரல் மாட்டியிருக்கும் அலகு மட்டும்தான் திறந்து மூடும். சீப்பும் கத்தரியும் நிற்காமல் சேர்ந்தே ஏற வேண்டும். நடுவில் ஒரு நொடி தயங்கினால் அந்த இடத்தில் படி விழுந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். அதை அழிக்கக் கோட்டுக்கு மேலே இருக்கும் முடியைக் குறைப்பார்கள். புதுக் கை அங்கே இன்னொரு படியைப் போடும். கோடு இப்படியே சுழி வரை ஏறும். சுழியில் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் அது குத்திட்டு நிற்கும், வாரினாலும் படியாது. கடைசியில் இரண்டாம் நம்பர் மாட்டி மிஷின் போட வேண்டியதுதான். மிஞ்சுவது ஆறு மில்லிமீட்டர். அதற்குப் பிறகு சீப்பில் சிக்கும் அளவுக்கு முடி வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

ஆக, அப்பா தலையில் அக்காவுக்குக் கிடைத்தது மாதம் ஒரு பாடம்கூட இல்லை. மற்ற இரவுகளில் அவள் என்ன செய்தாள்? சீப்பைச் சுவரில் வைத்து, முடியே இல்லாமல் வெறும் கத்தரியை ஓட்டியிருப்பாள். கட்டைவிரல் மட்டும் அசைகிறதா என்று அப்பா பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கதையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்று. தன் பிடரி யாருக்கும் தெரியாது. எதிரே ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கைக்கண்ணாடி வைத்தாலும், வெட்டுகிறவளின் கை மறைக்கும். அவர் காதால்தான் பாடம் நடத்தியிருக்க வேண்டும். கத்தரிச் சத்தம் சீராக வரும்வரை சரி. சத்தம் தடுமாறினால் படி விழப் போகிறது என்று அர்த்தம். "நிறுத்தாதே, ஏறு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ! மறுநாள் காலை அந்தப் படி விழுந்த தலையோடுதான் கடையைத் திறந்தார். முடிதிருத்துகிறவரின் தலை கோணலாக இருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? தொழிலுக்கே கெட்ட பெயர். அது தெரிந்தே அடுத்த முறையும் தலையைக் கொடுத்தார்.

இப்போது நான் கேட்கிறேன். வீட்டில் இளவட்டத் தலை ஒன்று இருந்ததே, அடர்த்தியான முடியோடு? கற்றுக்கொள்ள அதைவிட நல்ல தலை உண்டா? அப்பா பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்து, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தியிருக்கலாம். நீங்கள் ஏ.சி. கடைக்குப் போனீர்கள். கல்லூரியில் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று பயந்திருப்பீர்கள். அந்தக் கல்லூரிக் கட்டணம் எந்த நாற்காலியிலிருந்து வந்தது? ஒரு வீட்டில் ஒருத்தி தொழில் கற்றுக்கொள்கிறாள் என்றால் மற்றவர்கள் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டும், தம்பி. உங்களிடம் பணம் கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை. தலையைக் காட்டினால் போதும். அதையும் கேட்காமல் தன் தலையைக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

உங்கள் கதையில் தம்பி பாத்திரமே இல்லை. அவனைக் கொண்டு வாருங்கள். மாதம் ஒருமுறை புதிதாக வெட்டிய தலையோடு வீட்டுக்குள் வரட்டும். அப்பா அவன் பிடரியைப் பார்த்து, வெட்டியவன் எங்கே தயங்கினான் என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுக்கட்டும். தொழில் தெரிந்தவர் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் முன்பு, கடை அடைக்கும் நேரமாகப் பார்த்து அக்காவிடம் போய் முடிவெட்டிக்கொள்ளுங்கள். முதல் படி எங்கே விழுந்தது, அப்பா என்ன சொன்னார், மறுநாள் முதலில் வந்த வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று அவளிடமே விசாரியுங்கள். எழுந்து வரும்போது முழுக் கூலியையும் கொடுங்கள். வேண்டாம் என்பாள். கேட்காதீர்கள்.