உயிலில் எழுதியும் மனைவியிடம் சேராத பணம்

"எனக்கு 47 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த 12 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் அம்மாதான் நாமினி. நானும் தம்பியும் சேர்ந்து 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் 6 லட்சம் டெபாசிட் போட்டிருக்கிறோம். பணம் முழுவதும் என்னுடையது. 'என் சொத்து எல்லாம் என் மனைவிக்கே' என்று உயில் எழுதிப் பதிந்துவிட்டேன். அது போதுமா சார்?"

போதாது. டெபாசிட்டைப் பொறுத்தவரை உங்கள் மனைவிக்கு உரிமை இருக்கும், ஆனால் பணம் கைக்கு வரத் தாமதமாகலாம். பாலிசியில் அந்த உரிமைக்கே ஆபத்து இருக்கிறது.

நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டிய ஆள் மட்டுமே என்று பலரும் சொல்வார்கள். 1984இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆயுள் காப்பீட்டைப் பற்றி அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் 2015இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தம் உயிரின்மேல் பாலிசி எடுத்தவர், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகக் குறித்திருந்தால், அந்தப் பணத்தின் பயனுக்கு அவரே உரியவர் என்று அப்பிரிவு இப்போது கூறுகிறது. இந்தப் பட்டியலில் அம்மா உண்டு, தம்பி இல்லை. இந்தத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தையே மீறுமா என்பதில் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழக்கு உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டியதில்லை.

உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் 12 லட்சத்தை அம்மாவிடம் கொடுத்துவிடும். அவர் கணவரை இழந்தவராக இருந்து, பின்னாளில் உயில் எழுதாமலே காலமானால், அந்தப் பணம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்களுக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருந்தால், தம்பிக்கு 4 லட்சம், தங்கைக்கு 4 லட்சம், உங்கள் பங்கான 4 லட்சம் உங்கள் பிள்ளைகளுக்கு. முன்னதாக இறந்த மகனின் மனைவி அந்த வரிசையில் இல்லை என்பதால், உயிலில் நீங்கள் பெயர் எழுதிய மனைவிக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு வாசல் உண்டு. நாமினியை உயில் மூலமாகவும் மாற்றலாம் என்று அதே 39ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த மாற்றம் எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படாதவரை, அவர்கள் நல்லெண்ணத்தோடு பழைய நாமினிக்குக் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பாக மாட்டார்கள். மேலும் பாலிசி எண்ணையே குறிப்பிடாத 'என் சொத்து எல்லாம்' என்ற வாசகத்தை நாமினி மாற்றமாக ஏற்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். எனவே உயிலை நம்பாமல், பாலிசிப் பத்திரத்துடன் கிளை அலுவலகத்துக்குப் போய் நாமினி மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். மாற்றத்தைப் பதிந்ததற்கு எழுத்து மூலமான ஒப்புகை தர வேண்டியது அவர்களின் கடமை. அதைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். அம்மாவை முற்றாக விலக்க மனமில்லையென்றால், மனைவிக்கு 75 சதவீதம், அம்மாவுக்கு 25 சதவீதம் என்று பங்கிட்டும் குறிக்கலாம்.

டெபாசிட் கதை வேறு. 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற ஏற்பாடு யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்பதை மட்டுமே சொல்கிறது. பணம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே 6 லட்சத்தின் மேல் உயில் செல்லும். ஆனால் வங்கி அதைத் தம்பியிடம் கொடுத்துவிடலாம், அவர் மறுத்தால் உங்கள் மனைவி வழக்குப் போட்டு, அது உங்கள் பணம்தான் என்று நிரூபிக்க வேண்டிவரும். டெபாசிட்டுக்குப் பணம் போன உங்கள் கணக்கின் அறிக்கைதான் அப்போது சாட்சி, அதன் நகலை உயிலோடு வையுங்கள். முதிர்வுத் தேதி வந்ததும் உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் மாற்றிப் போட்டால் இந்தச் சிக்கலே எழாது.

கம்பெனிக்கு வங்கிக் கடன் இருக்கும் என்று எண்ணுகிறேன். இனிப் புதிய பாலிசி எடுப்பதானால், விண்ணப்பிக்கும்போதே 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் எடுப்பதாகத் தனிப் படிவத்தில் எழுதித் தாருங்கள். அது மனைவிக்கான அறக்கட்டளையாகிவிடும். மனைவி உயிரோடிருக்கும்வரை உங்கள் சொத்தில் சேராது, கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்ததாக இல்லாவிட்டால் அவரும் தொட முடியாது, உங்கள் உயிலும் அதைத் தொடாது. (இந்துக்களுக்கு இந்தப் பாதுகாப்பு மற்ற மாகாணங்களில் 1923இல்தான் வந்தது, சென்னை மாகாணத்தில் 1913 முடிந்ததுமே கிடைத்துவிட்டது.) ஆனால் மனைவி பெயரை எழுதியபின் நீங்களே நினைத்தாலும் மாற்ற முடியாது, அந்தப் பாலிசியை அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. தொழிலுக்குத் திடீரென்று பணம் தேவைப்பட்டால் கைவைப்பதற்காக எடுக்கும் பாலிசியை அந்தச் சட்டத்தின்கீழ் எடுக்க வேண்டாம்.