சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள்

கேள்வி: 2025 மார்ச் 12 அன்று அம்மாவின் சங்கிலியையும் கல் நெக்லஸையும் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் அடகு வைத்தோம். சீட்டில் மொத்த எடை 26.400, நிகர எடை 24.000, கிராமுக்கு 5,000, கடன் 1,20,000 ரூபாய். வட்டி 90 நாள் வரை 12%, 180 நாள் வரை 18%, அதற்கு மேல் 24%. நவம்பர் 20 மீட்கப் போனால் வட்டி 19,963 என்கிறார்கள். என் கணக்கில் 14,637தான் வருகிறது. எடையிலும் 2 கிராமுக்கு மேல் குறைத்திருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: எடையை முதலில் முடித்துவிடுவோம். குறைந்த 2.400 கிராம் கல்லும் அரக்கும். தங்கத்துக்குத்தான் கடன் என்பதால் அதைக் கழிப்பார்கள். 24 கிராமை 5,000 ஆல் பெருக்கினால் 1,20,000. எடைக்கு அங்கேயே வேலை முடிந்தது, வட்டிக்கணக்கில் அது வராது. ஆனால் நகையைத் திரும்ப வாங்கும்போது உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி, மொத்த எடை 26.400 காட்டுகிறதா என்று பாருங்கள். பலர் நிகர எடையைப் பார்த்து 'சரியா இருக்கு' என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

அடுத்தது நாள். மார்ச் 12 முதல் நவம்பர் 20 வரை 253 நாள். வைத்த நாளையும் மீட்கும் நாளையும் சேர்த்து 254 என்று போடும் இடங்களும் உண்டு, அது ஒரு நாள் வட்டிதான், அதற்குச் சண்டை வேண்டாம். கணக்கு இதுதான்: அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 100 ஆல் வகுத்தால் வருட வட்டி. அதை 365 ஆல் வகுத்து நாளால் பெருக்குங்கள். 24 சதவீதத்துக்கு வருட வட்டி 28,800, ஒரு நாளைக்கு சுமார் 78 ரூபாய் 90 பைசா. 253 நாளுக்கு 19,963.

அதாவது அவர்கள் முதல் நாளிலிருந்தே 24% போட்டிருக்கிறார்கள். நீங்களோ முதல் 90 நாளுக்கு 12%, அடுத்த 90க்கு 18%, மீதி 73க்கு 24% என்று பிரித்திருக்கிறீர்கள். கூட்டலில் இருவரும் தப்பு செய்யவில்லை. 5,326 ரூபாய் வித்தியாசத்துக்குக் காரணம் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி. 'அந்தந்தக் காலத்துக்கு மட்டும்' என்ற பொருளில் இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். 'கடன் தொடங்கிய நாள் முதல்' என்று இருந்தால் அம்மா கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். அந்த 12% உண்மையில் வட்டியல்ல, சீக்கிரம் கட்டுகிறவருக்குத் தரும் தள்ளுபடி. வாசலில் பெரிதாக எழுதி வைப்பது மட்டும் 12தான்! ஒரு கிளையில் என் நகையை வைத்தபோது நானே இந்த வரியைக் கேட்டுக் கேட்டு, மூன்றாவது ஆளிடம்தான் பதில் கிடைத்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நடுவில் வட்டி கட்டியிருந்தால் பல திட்டங்களில் நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஜூன் 10 அன்று, அதாவது 90ஆம் நாள், அதுவரையான வட்டி 3,551 ரூபாயைக் கட்டியிருந்தால் நவம்பர் 20 வரை மீதி 163 நாள்தான். அது 180க்குள் என்பதால் முழுதும் 18% போதும், 9,646. இரண்டும் சேர்த்து 13,197, உங்கள் கணக்கைவிடவும் குறைவு. ஆனால் கட்டிய பணம் வட்டிக்கு என்று ரசீதில் இருக்க வேண்டும். அரைகுறையாகக் கட்டினால், 'முழு வட்டி தீரவில்லை' என்று நாளைப் பழையபடி எண்ணுவார்கள். 500, 1,000 என்று போகிற வழியில் கட்டிவிட்டு வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இதையெல்லாம் சாதாரண மனிதர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அநியாயம். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் கடன்களுக்கு, வட்டியும் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் கடன் அதற்குப் பிறகு வாங்கியது. தராமல் இருந்தால் கேளுங்கள். 'சிஸ்டத்தில் வருவது இதுதான் சார்' என்பது பதில் அல்ல.

இன்னொன்று. வட்டி ஏறிப்போச்சே என்று நீங்கள் தயங்கி நிற்கும்போதே, 'பணம் நாங்க கட்டுறோம், நகையை நல்ல விலைக்கு எடுத்துக்கிறோம்' என்று ஒருவர் வந்து நிற்பார். அசல் சீட்டைக் கேட்பார். கொடுக்காதீர்கள். நகை வெளியே வந்ததும் கிராமுக்கு ஒரு விலை, உருக்கினால் இன்னொரு விலை, தேய்மானம், அவருடைய கமிஷன் என்று கழித்துக்கொண்டே போவார். அம்மா கைக்கு வருவது கடைசியில் மிஞ்சியதுதான். விற்றே ஆக வேண்டும் என்றால் பணத்தைப் புரட்டி நீங்களே மீட்டு, இரண்டு கடையில் விலை கேட்டு விற்றுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, கிளையில் நாள்வாரியான வட்டிக் கணக்கை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். சீட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். 'முதல் நாளிலிருந்து' என்ற வரி எங்கும் இல்லையென்றால் 14,637தான் கட்ட வேண்டியது, எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.