லாக்-இன் முடிய ஏழு மாதம்: வீட்டு லோனை இப்போதே அடைக்கலாமா?

கேள்வி: சார், புக்கிட் மெர்தாஜாமில் டெரஸ் வீடு வாங்க 200,000 வெள்ளி லோன் எடுத்தேன். பாக்கி 183,000. தாத்தா நிலம் விற்றதில் என் பங்கு 190,000 கைக்கு வந்திருக்கிறது. இப்போதே முழுக்கக் கட்டினால் 6,000 அபராதம் என்கிறது பேங்க். அபராதம் விதிக்கும் லாக்-இன் காலம் முடிய இன்னும் 7 மாதம். கட்டிவிடவா, காத்திருக்கவா? வீட்டின் உரிமைப் பத்திரமான கிராண்டை எப்படித் திரும்ப வாங்குவது?

பதில்: இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. முதலில் லோன் எடுத்தபோது கொடுத்த ஆஃபர் லெட்டரை எடுத்து, முன்கூட்டி அடைப்பது பற்றிய பத்தியைப் படியுங்கள். உங்கள் 6,000 என்பது முதலில் எடுத்த 200,000-க்கு 3 விழுக்காடு. பாக்கித் தொகைக்கு அல்ல. அதனால் பாக்கி குறையக் குறைய இந்த அபராதம் குறையாது. அதே பத்தியில், ஒரு பகுதியை மட்டும் கட்டினாலும் அபராதம் உண்டா என்றும் இருக்கும். பல லோன்களில் முழுக்க அடைத்தால்தான் அபராதம். அசலில் ஒரு பகுதியைக் கட்டினால் கிடையாது.

உங்கள் லோனும் அப்படியானால், இப்போது 170,000-ஐ மட்டும் கட்டுங்கள். 13,000 பாக்கி நிற்கும். வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், முதல் மாத வட்டி சுமார் 43 வெள்ளி. வழக்கமான தவணையும் போய்க்கொண்டிருப்பதால் ஏழு மாதத்துக்கும் சேர்த்து 250-ஐத் தாண்டாது. ஒன்றும் கட்டாமல் காத்திருந்தால் வட்டிக்கே ஏறக்குறைய 4,000 போகும். இப்போதே மூடினால் 6,000.

ஆனால் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு வந்தால் போதாது. "இது அசலைக் குறைக்கக் கட்டும் பணம்" என்று எழுத்தில் கொடுங்கள். சாதாரண டெர்ம் லோனில், சொல்லாமல் போட்ட பணத்தை வரும் தவணைகளுக்கான முன்பணமாக ஒதுக்கிவிடுவார்கள். அசல் குறையாது, வட்டியும் குறையாது. அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் பாக்கி 13,000 பக்கம் இறங்கியிருக்கிறதா, வட்டி நாற்பது சொச்சமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே கிளைக்குப் போங்கள்.

லாக்-இன் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் வந்த ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினார். பேங்க் எண்ணியது முதல் பணம் வெளியான நாளிலிருந்து. நடுவில் நான்கு மாதம் இடைவெளி. முழு அபராதமும் கட்டினார். அவருக்கு ஒரு வரிக் கடிதம் போதுமாக இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

மூடுவதற்கு முன்னறிவிப்பும் தேவை. சில லோனில் ஒரு மாதம், சிலதில் மூன்று. லாக்-இன் முடிந்த மறுவாரம் மூடும்படி கணக்குப் பார்த்துக் கடிதம் கொடுங்கள். அப்போது பேங்க் ரிடெம்ப்ஷன் ஸ்டேட்மென்ட் தரும். அதில் குறிப்பிட்ட தேதிக்கான தொகையும், தாமதமானால் நாளொன்றுக்குச் சேரும் வட்டியும் இருக்கும். கட்ட வேண்டியது அந்தத் தொகையைத்தான். ஆப்பில் தெரியும் பாக்கியை அல்ல. சில வெள்ளி குறைந்தாலும் கணக்கு மூடாது.

கட்டிய பிறகு லோன் தீர்ந்ததற்கான கடிதம் வரும். நிறையப் பேர் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் கடன் தீர்ந்தது என்று மட்டும்தான் சொல்லும்; நில அலுவலகப் பதிவில் உங்கள் வீடு இன்னும் பேங்கிடம் அடமானமாகவே நிற்கும். அதை நீக்க 16-என் படிவம் வேண்டும். பேங்கின் அதிகாரம் பெற்றவர் அதில் கையெழுத்திட வேண்டும். அதற்கு 10 வெள்ளி முத்திரை வரி. பிறகு அசல் கிராண்டையும் அடமானப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து நில அலுவலகத்தில் பதிய வேண்டும். வழக்கமாக லாயர்தான் இதைச் செய்வார். அவர் கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். (தனி கிராண்ட் இன்னும் வராத அடுக்குமாடி வீடென்றால் வழி வேறு: படிவத்துக்குப் பதில் உரிமையைத் திருப்பித் தரும் பத்திரம் எழுதுவார்கள்.)

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா எப்போதோ கட்டி முடித்த வீட்டை விற்கப் போன பிள்ளைகள், கிராண்டில் பேங்க் பெயர் அப்படியே இருப்பதைப் பார்த்து, பழைய ரசீதுகளைத் தேடி அலைந்ததை நான் கண்டிருக்கிறேன். லோனுக்காக எடுத்த எம்ஆர்டிஏ காப்புறுதி உங்களுக்கு இருந்தால், மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பத் தரும்படி தனியாக விண்ணப்பியுங்கள். லோன் மூடியதும் அது தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம்.

லாயர் கிராண்டைக் கொடுக்கும்போது, அடமானப் பதிவு இருந்த பக்கத்தைத் திறந்து, அது ரத்தானதாகக் குறித்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அசல் விற்பனை ஒப்பந்தத்தையும் லோன் ஒப்பந்தத்தையும் அன்றே கேட்டு வாங்குங்கள். சில வாரம் கழித்து நில அலுவலகத்தில் உங்கள் கிராண்ட் எண்ணுக்கு ஒரு அதிகாரப்பூர்வத் தேடல் எடுங்கள். அதில் உரிமையாளராக உங்கள் பெயர் இருந்து, பேங்க் பெயர் எங்கும் இல்லையென்றால் வேலை முடிந்தது.