விடுப்பு மெயிலில் காலமும் தேதியும் குழம்பினால் எப்படித் திருத்துவது?

"எங்கள் ஜூனியர் அக்கவுண்டன்ட் எழுதிய மெயில் இது, திருத்தித் தர முடியுமா? 'அக்கா திருமணத்துக்காக 18.6.2026 வெள்ளி முதல் 20.6.2026 வரை 2 நாள் விடுப்பு எடுத்தேன். 20 அன்று வேலைக்கு வந்துவிட்டேன். மே மாத GSTR-3B தாக்கல் செய்துவிட்டேன்.'"

முதலில் காலண்டரைப் பாருங்கள். 2026 ஜூன் 18 வியாழன். 18 முதல் 20 வரை என்றால் 3 நாள் ஆகிவிடும். 18, 19 விடுப்பு, 20 சனிக்கிழமை வேலை என்று வைத்தால் '2 நாள்' பொருந்துகிறது. ஆனாலும் அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கல்யாணம் வெள்ளி, சனியாகவும் இருக்கலாம்.

இது விடுப்பு கேட்கும் மெயில் என்பதால், 'எடுத்தேன்', 'வந்துவிட்டேன்' இரண்டும் இனிமேல் நடக்க வேண்டியவை. 'விடுப்பு வேண்டும்', 'வருவேன்' என்றால் சரி.

எனக்குப் பயம் தருவது கடைசி வரிதான். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு மே மாத GST படிவமான GSTR-3B-இன் கெடு ஜூன் 20. 'செய்துவிட்டேன்' என்று படித்த மேனேஜர் அதை மறந்துவிடுவார். கெடு தவறினால், வரி கட்ட வேண்டிய மாதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அப்புறம் வட்டி வேறு. உண்மையிலேயே தாக்கல் ஆகியிருந்தால், தாக்கல் செய்ததும் கிடைக்கும் ARN எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இப்படி:

"அக்கா திருமணத்துக்காக 18.6.2026 (வியாழன்), 19.6.2026 (வெள்ளி) ஆகிய 2 நாள் விடுப்பு வேண்டும். 20.6.2026 (சனி) வேலைக்கு வருவேன். மே மாத GSTR-3B-ஐ 17.6.2026-க்குள் தாக்கல் செய்துவிடுவேன்."