இரண்டாம் கட்ட உள்நுழைவில் பாதுகாப்புச் சாவியை உலாவி கண்டுகொள்ளவில்லை: எங்கே தடைபடுகிறது?

கேள்வி: உபுண்டு 22.04, ஃபயர்ஃபாக்ஸ். உள்நுழையும்போது "சாவியைச் செருகித் தொடவும்" என்று வருகிறது. என் யூபிகீயைச் செருகித் தொட்டால் cccccc என்று ஏதோ எழுத்துகள் விழுகின்றன, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு ஃபோனின் பின்னால் வைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. சாவி பழுதா?

பதில்:

பழுதில்லை. அந்த எழுத்துகள் விழுந்ததே அதற்குச் சான்று. யூபிகீ 5 வகைச் சாவி வெளியே ஒரே துண்டாகத் தெரிந்தாலும், கணினியிடம் அது தன்னை மூன்று கருவிகளாக அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதலாவது ஒரு விசைப்பலகை. தொட்டவுடன் 44 எழுத்துகள் கொண்ட ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது இதுதான். இரண்டாவது ஃபைடோ, உலாவியின் இரண்டாம் கட்ட உள்நுழைவு தேடுவது இதை மட்டுமே. மூன்றாவது ஸ்மார்ட் கார்டு. இங்கு அதற்கு வேலையில்லை. ஆகவே உங்கள் யூ.எஸ்.பி. துளையும் சாவியின் மின்னிணைப்பும் தொடு உணரியும் நன்றாகவே உள்ளன. உலாவி ஃபைடோ பகுதியை எட்டவில்லை என்பதால், நீங்கள் தொட்ட தொடுகை விசைப்பலகைப் பகுதிக்குப் போய்விட்டது. (அலுவலக அரட்டைப் பெட்டிகளில் திடீரென்று விழும் cccccc வரிகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.)

இதைக் கண்டறியச் சாவியின் விளக்கே போதும். உலாவியின் கோரிக்கை சாவிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், நீங்கள் தொடுவதற்கு முன்பே விளக்கு விட்டு விட்டு ஒளிரும். "தொடவும்" என்ற அறிவிப்பை நம்ப வேண்டாம். சாவியே செருகாவிட்டாலும் உலாவி அதைக் காட்டும். விளக்கு சிமிட்டாமல் இருக்கும்போது தொடுவதால் பயன் ஏதுமில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஃபைடோ பகுதி சாவியிலேயே அணைக்கப்பட்டிருக்கிறதா என்பது. சாவியைச் செருகிவிட்டு `lsusb` என்று தட்டினால் 1050 என்ற நிறுவன எண்ணுடன் ஒரு வரி வரும். அதன் பின்பாதி 0407 என்றிருந்தால் மூன்று பகுதிகளும் இயங்குகின்றன. 0401 என்றால் விசைப்பலகை மட்டும். 0405 என்றால் விசைப்பலகையும் ஸ்மார்ட் கார்டும் உண்டு, ஃபைடோ இல்லை. அலுவலகம் வழங்கிய சாவிகளிலும் பிறர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த சாவிகளிலும் இப்படி ஒரு பகுதி அணைக்கப்பட்டிருப்பது உண்டு. அப்படியானால் yubikey-manager என்ற தொகுப்பை நிறுவி இவற்றை இயக்கினால் சரியாகிவிடும்:

```
ykman info
ykman config usb --enable FIDO2 --enable U2F
```

எண் 0407 என்றே இருந்தால் சாவியின் மேல் குற்றமில்லை. இனிப் பார்க்க வேண்டியது இயங்குதளத்தை. லினக்ஸில் ஃபைடோ பகுதி `/dev/hidraw` என்று தொடங்கும் ஒரு கோப்பாகத் தோன்றும். உலாவி அதைத் திறந்து படித்து எழுதுகிறது. ஆனால் இயல்பில் அந்தக் கோப்பைத் திறக்க ரூட் பயனருக்கு மட்டுமே உரிமை உண்டு. சாவியைச் செருகும்போது யூடெவ் என்ற சேவை அந்தக் கருவி தன்னைப் பற்றித் தரும் விவரத்தைப் படித்து, அது பாதுகாப்புச் சாவிதான் என்று அடையாளம் கண்டு, கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்திருக்கும் பயனருக்கு உரிமை அளிக்கிறது. உபுண்டு 20.04 முதல் இந்த ஏற்பாடு சிஸ்டம்டியிலேயே சேர்ந்து வருவதால், பழைய பதிவுகளில் சொல்லப்படுவதுபோல் யூடெவ் விதிகளைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. உரிமை கிடைத்ததா என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
sudo apt install fido2-tools
fido2-token -L
ls -l /dev/hidraw*
```

முதலில் `fido2-token -L` சொல்வதைக் கவனியுங்கள். `/dev/hidraw3` போன்ற ஒரு பெயருடன் சாவி அங்கே பட்டியலிடப்பட வேண்டும். பிறகு அதே பெயருக்குரிய வரியை `ls` காட்டும் பட்டியலில் தேடுங்கள். அந்த வரி `crw-rw----+` என்று தொடங்கினால், கடைசியிலுள்ள கூட்டல் குறி உங்களுக்குத் தனி உரிமை அளிக்கப்பட்டிருப்பதைக் குறிக்கும். வெறும் `crw-------` என்றால் உரிமை வரவில்லை. தொலைவிலிருந்து இணைந்து இந்தக் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கூட்டல் குறி வராமலே போகலாம். ஏனெனில் உரிமை கணினியின் முன் நேரடியாக அமர்ந்திருக்கும் அமர்வுக்கு உரியது. அந்த நிலையில் உலாவியை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் பலன் இருக்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் விளக்கு சிமிட்டவில்லை என்றால், உங்கள் விஷயத்தில் நான் முதலில் ஐயப்படுவது ஸ்நாப்பை. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாகவே ஸ்நாப் தொகுப்பாக வருகிறது. குரோமியமும் அப்படித்தான். ஸ்நாப் தொகுப்பு ஒரு வேலிக்குள் இயங்குவதால், பயனராகிய உங்களுக்கு இருக்கும் உரிமை அதற்குத் தானாக வந்துவிடாது. அதற்கென்று தனி இணைப்பு தேவை.

```
snap connections firefox | grep u2f
sudo snap connect firefox:u2f-devices
```

முதல் கட்டளை தரும் வரியின் மூன்றாம் பத்தியில் `:u2f-devices` என்று இருந்தால் இணைப்பு உள்ளது. வெறும் கோடு இருந்தால் இல்லை. இல்லாவிட்டால் இரண்டாம் கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸின் எல்லாச் சாளரங்களையும் மூடி, சாவியைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பாருங்கள். சாவியை மறுபடி செருகுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கருவி புதிதாகத் தோன்றும்போதுதான் விதிகள் அதன்மீது முழுமையாகச் செயல்படும்.

இணைப்பு இருந்தும் சாவி தெரியாமல் போகும் ஒரு நிலையும் உண்டு. என்னுடன் பணியாற்றும் ஒருவர், அவ்வளவாக அறியப்படாத ஒரு தயாரிப்பாளரின் சாவியை வாங்கியிருந்தார். `fido2-token -L` அதைக் காட்டியது. கூட்டல் குறியும் இருந்தது. ஸ்நாப் இணைப்பும் இருந்தது. ஆயினும் ஸ்நாப் ஃபயர்ஃபாக்ஸில் விளக்கு அசையவில்லை. அதே கணினியில் டெப் தொகுப்பாக நிறுவிய குரோமில் சாவி உடனே சிமிட்டியது. இரண்டு உலாவிகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு இதுதான்: சிஸ்டம்டி சாவியின் தன்மையைப் பார்த்து அடையாளம் காண்கிறது, ஸ்நாப்பின் `u2f-devices` ஏற்பாடோ நிறுவன எண், தயாரிப்பு எண் ஆகியவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத எண்ணுடைய சாவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேலிக்கு வெளியேதான் நிற்கும். மொசில்லா தன் சொந்த ஏ.பி.டி. களஞ்சியத்தில் ஃபயர்ஃபாக்ஸை டெப் தொகுப்பாக வழங்குவதால் அதை நிறுவிக்கொண்டார். சாவி வேலை செய்தது. அவ்வாறு செய்வோர் ஏ.பி.டி.யில் மொசில்லா களஞ்சியத்துக்கு முன்னுரிமை குறித்து வைக்க வேண்டும். இல்லையேல் உபுண்டுவின் தொகுப்பு மீண்டும் ஸ்நாப்பையே கொண்டுவந்துவிடும். உங்களுடையது யூபிகீ என்பதால் அந்தப் பட்டியல் உங்களுக்குச் சிக்கலாகாது. இணைப்பு விடுபட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் டெப் தொகுப்பு உலாவி ஒன்றில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது, தடை வேலியிலா வேறிடத்திலா என்பதை உடனே பிரித்துக் காட்டும்.

இனி ஃபோன். இங்கே முதலில் கேட்க வேண்டியது, சாவி புதியதா என்பது. ஃபர்ம்வேர் 5.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் வரும் யூபிகீக்கள், வழியில் யாரும் பொட்டலத்தைத் திறக்காமலே படித்துவிடக் கூடாது என்பதற்காக, என்.எஃப்.சி. கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் அனுப்பப்படுகின்றன. யூ.எஸ்.பி. துளை ஒன்றில் குறைந்தது 3 நொடி செருகி வைத்தால்தான் அந்தக் கட்டு அவிழும். நீங்கள் ஏற்கெனவே கணினியில் செருகிவிட்டதால் உங்களுக்கு இது கடந்துபோன கட்டம். ஆனால் வாங்கியவுடன் ஃபோனில் மட்டும் முயல்பவர்கள் சாவியே செத்துவிட்டதாக எண்ணுவது இதனால்தான். இன்னொன்று: யூ.எஸ்.பி.க்கும் என்.எஃப்.சி.க்கும் எந்தெந்தப் பகுதிகள் இயங்கலாம் என்ற அமைப்பு தனித்தனியானது. `ykman info` காட்டும் அட்டவணையில் என்.எஃப்.சி. பத்தியிலும் ஃபைடோ இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வைக்கும் இடம். சாவிக்கு மின்கலம் கிடையாது, ஃபோனின் என்.எஃப்.சி. சுருள் எழுப்பும் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. சுருள் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பின்புறத்தின் மேற்பாதியிலும், ஐஃபோன்களில் மேல் விளிம்பிலும் இருக்கும். உலோக உறையையும் காந்த வளையத்தையும் கழற்றிவிட்டு, சாவியைத் தட்டையாக ஒட்டி வைத்து, மெதுவாக நகர்த்தி, ஃபோன் அதிர்ந்த இடத்தில் நிறுத்துங்கள். அதிர்ந்தவுடன் எடுத்துவிடாதீர்கள், பக்கம் மாறும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் நடுவில் விலக்கினால் சாவியின் மின்சாரம் அற்றுப் பரிமாற்றம் முறிந்துவிடும். என்.எஃப்.சி.யில் பொன்வட்டைத் தொட வேண்டியதில்லை. அருகில் வைப்பதே தொடுவதாகக் கொள்ளப்படும்.

சாவியை வைத்ததும் my.yubico.com என்று தொடங்கும் பக்கம் திறந்தால், அது கணினியில் விழுந்த cccccc எழுத்துகளின் ஃபோன் வடிவம்: என்.எஃப்.சி. நன்றாக இயங்குகிறது, ஆனால் உலாவி கேட்காத வேளையில் சாவியை வைத்துவிட்டீர்கள், அதனால் ஃபோன் அதை வெறும் இணைப்பு வில்லையாகப் படித்துவிட்டது. உள்நுழைவுப் பக்கத்தில் சாவியைத் தேர்ந்தெடுத்து, என்.எஃப்.சி. வழியைக் கேட்டு, ஃபோனின் அறிவிப்புப் பலகை மேலெழுந்த பிறகே வையுங்கள்.

மடிக்கணினியில் தனியாக என்.எஃப்.சி. படிப்பான் வாங்கிப் பொருத்தலாமா என்று எண்ணினால், லினக்ஸில் வேண்டாம். அங்குள்ள உலாவிகள் மேலே சொன்ன `hidraw` கோப்புகளையே தேடுகின்றன. படிப்பான் பேசும் மொழி வேறு. விண்டோஸில் 10-இன் 1903 பதிப்பு முதல் உலாவிகள் இந்த வேலையை இயங்குதளத்திடமே ஒப்படைப்பதால் அங்கே படிப்பான் பயன்படும்.

இவற்றுக்குப் பிறகு webauthn.io தளத்தில் ஒரு பெயரைப் பதிவுசெய்து, உடனே அதே பெயரில் உள்நுழைந்து பாருங்கள். அங்கே விளக்கு சிமிட்டி வேலை முடிந்து, உங்கள் தளத்தில் மட்டும் "இந்தச் சாவி அறிமுகமானதாகத் தெரியவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தால், உலாவி சாவியைக் கண்டுகொண்டுவிட்டது. அந்தக் கணக்கில் பதிவாகியிருப்பது வேறொரு சாவி, அல்லது இந்தச் சாவியின் ஃபைடோ பகுதி இடையில் அழித்து மீளமைக்கப்பட்டிருக்கிறது. அப்போது மாற்றுவழியில் உள்நுழைந்து சாவியைப் புதிதாகப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.