உருளையின் மூடிகளில் பாயம் ஏன் சுழி?

நீண்ட திண்ம உருளைக்கு காஸ் விதி போடும்போது மேல், கீழ் மூடிகளை ஏன் விட்டுவிடுகிறோம்? பரீட்சையில் காரணம் எழுதணுமா?

கண்டிப்பா எழுதுங்க. மகாலில் இருப்பது போன்ற ஒரு வட்டத் தூண் மேலும் கீழும் முடிவில்லாமல் நீள்வதாகவும், மின்னூட்டம் உள்ளே சீராகப் பரவியிருப்பதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புள்ளியிலிருந்து அச்சுக்குச் செங்குத்தாக வரும் கோட்டைப் பிடித்துத் தூணை 180° திருப்பினால் மின்னூட்டம் மாறாது, ஆனால் புலத்துக்கு அச்சு வழியான கூறோ சுற்றிவரும் கூறோ இருந்தால் அது எதிர்த்திசைக்குப் போய்விடும், அதனால் இரண்டுமே சுழி. மிஞ்சுவது ஆரத் திசை மட்டும். அது நாம் கற்பனையாகப் போடும் காஸ் உருளையின் மூடிகளுக்கு இணையாகவே போகும், அதனால் மூடிகளில் பாயம் இல்லை.

அப்புறம் உள்ளே, r ஆரமும் L நீளமும் கொண்ட காஸ் உருளைக்கு, மின்னூட்ட அடர்த்தி ρ என்றால்:

E·2πrL = ρπr²L/ε₀, E = ρr/2ε₀

வலப்பக்கம் r-க்குப் பதில் தூணின் முழு ஆரம் R போட்டால் அச்சில் புலம் முடிவிலியாகும். தப்பு அங்கேயே தெரிந்துவிடும். குட்டை உருளைக்கு இந்த வாதம் செல்லாது.