கணக்கர் வேலைக்கு ஒன்பது விண்ணப்பம்: வெயிட்டேஜ் மதிப்பெண் போட்டு ஆளை எடுப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறோம். சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித்தான் ஓட்டுகிறோம். அலுவலகக் கணக்கர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தோம், ஒன்பது விண்ணப்பம் வந்திருக்கிறது. நான் ஒருவரைச் சொல்கிறேன், அண்ணன் வேறொருவரைச் சொல்கிறார். மதிப்பெண் போட்டு எடுங்கள் என்கிறார் ஆடிட்டர். எதற்கு எவ்வளவு மதிப்பெண், எப்படிப் போடுவது?

பதில்: முதலில் விண்ணப்பங்களை மூடி வைத்துவிட்டு, நீங்கள் கொடுத்த விளம்பரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பது வேலையைப் பார்த்து முடிவாக வேண்டும். ஆட்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், மனதுக்குப் பிடித்தவர் எதில் கெட்டிக்காரரோ அதற்கே கை தானாக அதிக மதிப்பெண் ஒதுக்கும். நீங்கள் இருவருமே விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டீர்கள். அதனால் இந்த ஒரு படியில் மட்டும், அவற்றைப் பார்க்காத ஒருவரைக் கூட உட்கார வையுங்கள். உங்கள் டீமேக்கர் பொருத்தமானவர். கணக்கர் செய்யும் தவறு எங்கே போய் வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

விளம்பரத்தில் உள்ளவற்றை இரண்டாகப் பிரியுங்கள். சில விஷயங்களுக்கு 'உண்டு, இல்லை' என்ற பதில் போதும். டேலியில் வேலை செய்திருக்கிறாரா, சொன்ன சம்பளத்துக்குச் சம்மதமா, கடைசி இலை வண்டி வந்து எடை முடியும் வரை இருக்க முடியுமா என்பவை இந்த வகை. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஒன்றில் 'இல்லை' வந்தாலும் அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 'உள்ளூர்க்காரர்' என்பதை இங்கே சேர்க்காதீர்கள். உங்களுக்குத் தேவை மாலையில் ஆள் இருப்பதுதான். மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் இங்கேயே வீடு எடுத்துத் தங்குகிறேன் என்றால் அந்தத் தேவை தீர்ந்தது. சாதி, ஊர், ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா என்பவை எந்தக் கட்டத்திலும் வரக்கூடாது. ஆண், பெண் பார்த்து வேலைக்கு எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது.

மிச்சமுள்ளதைத்தான் மதிப்பெண்ணில் வையுங்கள். நான்கு தலைப்பு போதும். பத்துத் தலைப்பு போட்டால் ஒரே திறமையை இரண்டு மூன்று பெயரில் எண்ணிவிடுவீர்கள். 'அனுபவம்', 'டேலி அறிவு', 'பக்குவம்' என்று மூன்று வரி போட்டால், நிறைய வருடம் வேலை பார்த்தவருக்கு மூன்றிலும் மதிப்பெண் விழும். பலருக்கும் தோன்றும் 'படிப்பு' என்ற தலைப்பும் வீண். வந்தவர்கள் எல்லாரும் பி.காம். என்றால் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண்தான். அதற்கு 20 வெயிட்டேஜ் கொடுத்தாலும் யாரும் மேலே போகமாட்டார், கீழே இறங்கமாட்டார். அந்த 20 உண்மையில் எங்கேயும் வேலை செய்யாது.

உங்கள் தொழிற்சாலைக்கு இப்படிப் பிரிக்கலாம்: இலைக் கணக்கும் விவசாயிகளுக்கான பட்டுவாடாவும் 35, டேலி மற்றும் ஜி.எஸ்.டி. 30, விவசாயிகளிடம் பேசித் தீர்ப்பது 20, பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15. கூட்டினால் 100. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள், அண்ணன், டீமேக்கர் மூவரும் தனித்தனிச் சீட்டில் 100ஐப் பங்கிட்டு எழுதி, பிறகு ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டே கேள்வி: இதில் தவறு நடந்தால் முதலில் என்ன நஷ்டம்? சேர்ந்த பிறகு இரண்டு மாதத்தில் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஒரு விவசாயியின் கிலோ தப்பாக ஏறினால் அவர் மட்டும் போகமாட்டார், பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஃபேக்டரிக்குப் போய்விடுவார். அதனால் அதற்கு மேல் இடம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் வட்டியும் அபராதமும் வரும். ஆனாலும் மாதாமாதம் ஒரே மாதிரி வேலை, கற்றுக்கொள்ளலாம். அதனால் 15 போதும்.

இனி வருவதுதான் அதிக நேரம் எடுக்கும் பகுதி, இதைத் தாண்டிப் போகாதீர்கள். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 1, 3, 5 ஆகியவற்றுக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு தலைப்பிலும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 'சுமார், நல்லது, மிக நன்று' என்று எழுதினால் உங்கள் 4ம் அண்ணனின் 4ம் வேறு வேறாகத்தான் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை எழுதுங்கள். டேலி, ஜி.எஸ்.டி. தலைப்பில் 1 என்றால் ரொக்கப் பதிவு மட்டும் போடுவார். 3 என்றால் கொள்முதல், விற்பனை பில்களைச் சரியாக ஏற்றுவார், ஆனால் ரிட்டர்னுக்கு வேண்டியதை ஆடிட்டர் ஆபீஸில்தான் எடுக்க வேண்டும். 5 என்றால் கொள்முதல் பதிவை ஜி.எஸ்.டி.ஆர்-2பி உடன் தானே ஒத்துப்பார்த்து, விட்டுப்போன பில் எது என்று சொல்வார்.

இலைக் கணக்குக்கு நேர்காணல் பதில் போதாது. அரை மணி நேர வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளின் எடைச் சீட்டு 20 எடுத்து, பெயர்களை மறைத்து உறுப்பினர் எண் மட்டும் தெரியும்படி நகல் எடுங்கள். மழை ஈரத்துக்குக் கழிக்கும் எடை சிலவற்றில் இருக்கட்டும், இரண்டு பேருக்கு முன்பணம் பிடிக்க வேண்டியதும் இருக்கட்டும். இரண்டு பிழைகளை நீங்களே வையுங்கள்: ஒரு சீட்டு இரண்டு முறை வரட்டும், இன்னொன்றில் கழித்த பிறகு உள்ள எடை கழிக்கும் முன் இருந்ததைவிட அதிகமாக இருக்கட்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் எவ்வளவு ரூபாய் என்று கேளுங்கள். கூட்டல் எல்லாம் சரி, இரண்டு பிழையையும் பிடித்தார் என்றால் 5. கூட்டல் சரி, ஒரு பிழையைப் பிடித்தார் என்றால் 3. கூட்டலும் தப்பி, பிழையும் கண்ணில் படவில்லை என்றால் 1. ரெண்டுங்கெட்டானாக வருபவருக்கு 2 அல்லது 4.

மதிப்பெண் போடும்போது ஒரு ஆளை எடுத்து நான்கு தலைப்பையும் முடிக்காதீர்கள். ஒரு தலைப்பை எடுத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போங்கள். நன்றாகப் பேசியவர் என்ற நினைப்பு ஜி.எஸ்.டி. மதிப்பெண்ணில் ஒட்டிக்கொள்வதை இது குறைக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காரணம் ஒரு வரி: 'இரட்டைச் சீட்டைப் பிடித்தார், எடைப் பிழையை விட்டார்.' எழுதக் காரணம் இல்லாத எண்ணை அடித்துவிடுங்கள். நீங்களும் அண்ணனும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போடுங்கள். வித்தியாசம் 1 என்றால் சராசரி எடுக்கலாம். 2 அல்லது அதற்கு மேல் என்றால் சராசரி எடுக்கக்கூடாது. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டு காரண வரிகளையும் படித்து ஒரே எண்ணுக்கு வாருங்கள்.

முதல் சல்லடையில் ஆறு பேர் கழிந்து, மூன்று பேர் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். எக்செல் தாளில் 2ஆம் வரியில் வெயிட்டேஜ், 3ஆம் வரி காலி, 4ஆம் வரி முதல் ஆட்கள்.

| | இலைக் கணக்கு | டேலி, ஜி.எஸ்.டி. | விவசாயிகள் | பி.எஃப். | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| வெயிட்டேஜ் | 35 | 30 | 20 | 15 | 100 |
| முதலாமவர் | 3 | 5 | 2 | 4 | 3.55 |
| இரண்டாமவர் | 5 | 3 | 4 | 2 | 3.75 |
| மூன்றாமவர் | 3 | 4 | 3 | 3 | 3.30 |

மொத்தம் வரும் கட்டத்தில், அதாவது F4இல், இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=SUMPRODUCT($B$2:$E$2,B4:E4)/100
```

டாலர் குறிகளை விட்டால், இழுக்கும்போது வெயிட்டேஜ் வரியும் சேர்ந்து கீழே இறங்கும். இரண்டாமவருக்கு 0 வரும், மூன்றாமவருக்கு 0.47 என்று பொருந்தாத எண் வரும். 1க்குக் குறைவாக எந்த மொத்தம் வந்தாலும் சூத்திரம் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். காலிக் கட்டம் இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதில் வரும் எண் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். இரண்டாமவரிடம் பி.எஃப். பற்றிக் கேட்க மறந்து கட்டத்தைக் காலியாக விட்டீர்கள் என்றால், எக்செல் அதை 0 என்று எடுத்து அவருக்கு 3.45 காட்டும். முதலாமவர் முன்னால் போய்விடுவார். கேட்காததற்கு நடுவில் ஒரு 3 போட்டுவிடவும் கூடாது. ஃபோன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இப்போது முதல் இரண்டு பேருக்கும் 0.20தான் வித்தியாசம். இதை வெற்றி தோல்வியாக எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இலைக் கணக்கில் 5 குறைத்து 30, டேலியில் 5 கூட்டி 35 என்று மாற்றிப் பாருங்கள். இருவருக்கும் 3.65 வரும், சமம். ஆக, உங்கள் முடிவு அந்த 5 வெயிட்டேஜில்தான் நிற்கிறது. மூன்றாமவர் இந்த மாற்றத்திலும் மூன்றாவதாகவே இருக்கிறார் (3.35). அவரைப் பற்றி இனி வாதம் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் பலரும் வெயிட்டேஜைத் திருத்தி, தாங்கள் நினைத்தவரை மேலே கொண்டுவருவார்கள். வேலையைப் பற்றிய புதுத் தகவல் இருந்தால் மட்டுமே திருத்தலாம். உதாரணமாக, ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள்ளும் 3பியை 20ஆம் தேதிக்குள்ளும் ஆடிட்டர் அலுவலகமே தாக்கல் செய்கிறது, அது தொடரும் என்றால், டேலிக்கு 30 அதிகம்தான். 25 ஆக்கி, அந்த 5ஐ விவசாயிகள் பக்கம் சேர்க்கலாம். அப்போது இரண்டாமவர் 3.80, முதலாமவர் 3.40. இந்தக் காரணத்தை ஆள் பெயர் சொல்லாமல் டீமேக்கரிடம் சொல்லிப் பாருங்கள். அவரும் சரி என்றால் மாற்றுங்கள். இல்லையென்றால் 30 அப்படியே இருக்கட்டும்.

அப்படி மாற்றக் காரணம் இல்லையென்றால், இருவரையும் சமமாக வைத்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். இருவருக்கும் எந்தத் தலைப்பில் இடைவெளி அதிகமோ அதில் மட்டும் மறுபடி சோதியுங்கள். இங்கே நான்கு தலைப்பிலும் இடைவெளி 2. அதில் இலைக் கணக்கை வேலை கொடுத்தே பார்த்துவிட்டீர்கள், பி.எஃப். சொல்லிக்கொடுக்கக்கூடியது, டேலியை ஆடிட்டர் உதவியோடு சமாளிக்கலாம். முதலாமவர் விவசாயிகளிடம் பேசுவதில் வாங்கிய 2 உண்மைதானா என்று பாருங்கள். 'போன மாதத்தைவிட இந்த மாதம் கிலோவுக்கு விலை குறைந்திருக்கிறது, என் இலை அதேதான்' என்று கோபமாக வரும் விவசாயியாக டீமேக்கர் நடிக்கட்டும். மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையைச் சொல்லி, அவருடைய சீட்டுகளை எடுத்துவைத்து, எங்கே எவ்வளவு கழிந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறாரா, 'முதலாளியைக் கேளுங்கள்' என்று தள்ளிவிடுகிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இருவருக்கும் அதே கேள்வி, அதே நேரம், அதே 1-3-5 வரையறை. வரும் புது எண்ணைப் பழைய எண்ணுக்குப் பதிலாகப் போட்டு மொத்தத்தை மறுபடி பாருங்கள். அப்போதும் சமமாக வந்தால் இலைக் கணக்கில் அதிகம் எடுத்தவருக்கே வேலை என்று, இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடும் முன்பே தாளின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள்.